ஆறாம் வகுப்பு, முதல் நாள்: வகுப்பாசிரியர் என்ன பேசுவது?

பள்ளி திறக்கிற அன்று காலையில் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "சிக்ஸ்த் பி-யை நீங்க பார்த்துக்கங்க டீச்சர்" என்பார். அத்தோடு சரி. பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று பி.எட்.டில் பக்கம் பக்கமாகச் சொல்லித் தந்தார்கள். ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு வந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற நாற்பது பிள்ளைகள் முன்னால் முதல் பத்து நிமிடம் என்ன பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். இந்த ஜூனில் முதன்முறையாக அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் ஆகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் அந்தத் தடுமாற்றம் கொஞ்சம் குறையும். பேச்சை அப்படியே முழுசாகக் கீழே கொடுத்திருக்கிறேன், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள், ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே டீச்சர், அவரும் இவர்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்தவர். பள்ளியிலேயே பெரியவர்கள் என்றிருந்த அந்த ஐந்தாம் வகுப்புக்காரர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் ஆகச் சின்னவர்களாகிவிடுகிறார்கள். அவர்களுடைய பயமெல்லாம் மிகச் சாதாரண விஷயங்களில்தான் இருக்கிறது: கழிவறை எங்கே, மதியம் எங்கே சாப்பிடுவது, இத்தனை டீச்சர்கள் ஏன், பஸ் போய்விட்டால் என்ன செய்வது. எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்காத இந்தக் கேள்விகளுக்கு நீங்களாகவே பதில் சொல்வதுதான் முதல் நாள் பேச்சு. விதிமுறைகளை இரண்டாம் வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஒரு வாரம் முன்னதாகவே போன் போடுங்கள்

உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகள் மூன்று நான்குதான் இருக்கும். அந்த ஆசிரியர்களின் எண் தலைமையாசிரியரிடம் கிடைக்கும். ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசினால் போதும். இவர்களில் யாருக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், யாருக்கு வலிப்பு அல்லது இளைப்பு உண்டு, யாருக்குப் பார்வை மட்டம், யார் வீட்டில் அப்பாவோ அம்மாவோ இல்லை, பட்டியலில் உள்ள பெயருக்கும் கூப்பிடும் பெயருக்கும் யாருக்கு வித்தியாசம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "அவன் சேட்டை டீச்சர், அடிச்சாத்தான் கேப்பான்" என்பது மாதிரியும் வரும். அதைக் குறிக்க வேண்டாம்.

மாற்றுச் சான்றிதழ் தயாராகிவிட்டதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். பழைய பள்ளி, மாணவர் பதிவுக்கான எமிஸ் தளத்தில் டி.சி. போட்டால்தான் பிள்ளையின் பதிவு பொதுத் தொகுப்புக்கு வரும், அதன்பிறகுதான் நாம் அதை எடுத்து நம் வகுப்பில் சேர்க்க முடியும். அங்கே தாமதமானால் பிள்ளை வகுப்பில் இருப்பான், பட்டியலில் இருக்க மாட்டான். முதல் நாள் வருகைப்பதிவில் தன் பெயர் மட்டும் வராமல் போவது அந்த வயதில் பெரிய விஷயம். டி.சி. வரவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. பெயரைத் தாளில் எழுதிச் சேர்த்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்த்தே கூப்பிடுங்கள்.

2. முந்தின நாள் சாயங்காலம்

பெயர்ப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தால் முதல்முறை படிக்கும்போது நாக்கு பிறழும், வகுப்பில் பிறழ்ந்தால் சிரிப்பு எழும், அந்தச் சிரிப்பே அந்தப் பிள்ளைக்கு வருஷம் முழுக்கப் பட்டப்பெயராக நின்றுவிடும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இன்ஷியல் சேர்த்துக் கூப்பிடுவது என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள். "குட்டை கார்த்திக்", "நெட்டை கார்த்திக்" வேலையெல்லாம் ஆசிரியர் வாயிலிருந்து தொடங்கவே கூடாது.

செலவு அதிகமில்லை. பெயர் அட்டைக்கு இரண்டு சார்ட் அட்டையும் ஒரு டப்பா ஊக்கும் வாங்க ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெற்றோருக்கு ஆவணப் பட்டியல் துண்டுச் சீட்டு வேண்டும். ஒரு தாளில் நாலு சீட்டு எடுத்தால் நாற்பது பேருக்குப் பத்து ஜெராக்ஸ் போதும், இருபது ரூபாய் ஆகும். அப்புறம் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் நாற்பது. இருநூறு ரூபாய் ஆகிறதே என்று தோன்றலாம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிட்டே பழகியவர்கள். காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகிற அம்மாக்கள் ஆறாம் வகுப்பிலும் அது கிடைக்கும் என்று நினைத்து வெறும் வயிற்றோடு அனுப்பிவிடுகிறார்கள். முதல் நாள் பதினொரு மணிக்குத் தலைசுற்றல், வயிற்றுவலி, அழுகை என்று வருகிறவர்களிடம் பயமா என்று கேட்பதற்கு முன்னால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பசிதான். சாப்பிடாதவர்கள் யார் என்று கை தூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டார்கள், அதனால்தான் எல்லாருக்கும் ஒரு பாக்கெட்.

3. வகுப்புக்குள் நுழைந்ததும்

காலை வழிபாடு முடிந்து முதல் பாடவேளை தொடங்கும்போது பேச வேண்டும். அதற்கு முன் கரும்பலகையில் உங்கள் பெயர், பாடம், வகுப்பு, பிரிவு ஆகிய நான்கையும் எழுதிவிடுங்கள். அறை மாறி உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். வாசலில் நிற்கும் பெற்றோரிடம் சீட்டைக் கொடுத்து, எத்தனை மணிக்குப் பள்ளி விடும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே அம்மா நிற்கிறவரைக்கும் நீங்கள் பேசுவது அந்தப் பிள்ளையின் காதில் ஏறாது.

இடம் மாற்ற வேண்டாம். ஒரே தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், அன்று அப்படியே இருக்கட்டும். உயரப்படி உட்காரவைப்பது, நன்றாகப் படிக்கிறவர்களைப் பிரித்து உட்காரவைப்பது எல்லாம் ஒரு வாரம் கழித்து.

4. பேச்சு

ஏழு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தோ மேஜைக்குப் பின்னால் நின்றோ பேசாமல், முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நான் பேசுவது இது:

"வணக்கம் பிள்ளைகளா. எல்லாரும் உட்காருங்க. பையைக் கீழே வைக்கலாம், யாரும் எடுக்க மாட்டாங்க.

என் பேரு போர்டுல இருக்கு. நான்தான் உங்க கிளாஸ் டீச்சர். அறிவியல் எடுப்பேன். தினமும் காலையில முதல்ல நான்தான் வருவேன். எது வேணும்னாலும், எது காணாமப் போனாலும், யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியலைன்னாலும் என்கிட்ட வாங்க. நான் கிளாஸ்ல இல்லைன்னா ஸ்டாஃப் ரூம்ல இருப்பேன், அது எங்கன்னு இப்பக் காட்டுறேன்.

உங்க பழைய ஸ்கூல்ல ஒரு டீச்சரே எல்லாப் பாடமும் எடுத்திருப்பாங்க. இங்க அஞ்சு பாடத்துக்கு அஞ்சு பேரு. முக்கால் மணிக்கு ஒரு தடவை பெல் அடிக்கும். பெல் அடிச்சா ஒரு சார் போவாரு, இன்னொரு டீச்சர் வருவாங்க, அவ்வளவுதான். நீங்க எழுந்திரிக்க வேண்டாம், பையை எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போற பெல் சாயங்காலம் நீளமா அடிக்கும். அதுக்கு முன்னாடியே நான் இங்க வந்துருவேன். நான் வராம யாரும் கிளம்பக் கூடாது, சரியா?

இன்டர்வெல் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. பாத்ரூம் எங்க இருக்குன்னு இப்ப எல்லாரும் சேர்ந்தே போய்ப் பார்க்கப் போறோம். நடுவுல அவசரம்னா எந்தப் பீரியடா இருந்தாலும் கேளுங்க. கேக்க வெட்கமா இருந்தா கையை மட்டும் தூக்குங்க, காரணம் கேக்க மாட்டோம்.

மத்தியானச் சாப்பாடு இங்கயும் உண்டு. தட்டு கொண்டு வரலைன்னா கவலைப்படாதீங்க, இன்னிக்கு நான் ஏற்பாடு பண்றேன். காலைச் சாப்பாடு மட்டும் இந்த ஸ்கூல்ல கிடையாது, அதனால நாளையிலருந்து வீட்டுலயே சாப்பிட்டுட்டு வரணும். இன்னிக்கு இன்டர்வெல்ல எல்லாருக்கும் பிஸ்கட் இருக்கு.

பேனாவா பென்சிலான்னு ஒரு சந்தேகம் இருக்கும். இன்னிக்கு எதுல வேணும்னாலும் எழுதலாம். எந்தப் பாடத்துக்கு எந்த நோட்டுன்னு அந்தந்த டீச்சர் சொல்லுவாங்க, அதுவரைக்கும் யாரும் நோட்டு வாங்க வேண்டாம்.

வெளியில பெரிய அண்ணன், அக்கா நிறைய பேரு இருப்பாங்க. ரொம்ப பேரு நல்லவங்கதான். யாராவது அடிச்சாலோ, காசு கேட்டாலோ, கிண்டல் பண்ணினாலோ என்கிட்ட தனியா சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. உங்கள்ல சில பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சில பேருக்கு இங்கிலீஷ்னா வயித்தைக் கலக்கும். அது எனக்குத் தெரியும். இன்னிக்கு யாரையும் எழுந்து நின்னு படிக்கச் சொல்ல மாட்டேன். யாருக்கு எது வரலையோ அதை நாம தனியா உட்கார்ந்து பார்த்துக்கலாம்.

இப்ப ஆளுக்கு ஒரு அட்டை தர்றேன். உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்குமோ அந்தப் பேரை எழுதுங்க. எழுதி முடிச்சதும் ஸ்கூலைச் சுத்திப் பார்க்கப் போலாம்."

இவ்வளவுதான். இதில் பெல் பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாத வகுப்புகளில் முதல் பெல் அடித்ததும் நாலு பேர் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள், அடுத்த பாட ஆசிரியர் "எங்கடா ஓடுறீங்க" என்று அதட்ட, அவரைப் பற்றிய பயம் அந்த ஒரு நொடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பேனா, பென்சில் விஷயம் உங்களுக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் தைரியம் வந்து ஒரு பிள்ளை கை தூக்கிக் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

"நான் இதைச் செய்வேன்" என்று பேச்சில் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே செய்துவிட வேண்டும். தட்டு ஏற்பாடு பண்ணுகிறேன் என்றால் பதினோரு மணிக்கே சத்துணவு அமைப்பாளரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

5. சுற்றிக் காட்டுவது

பேச்சு முடிந்த கையோடு வரிசையாகக் கூட்டிப்போங்கள், பதினைந்து நிமிடம் ஆகும். குடிநீர்க் குழாய், கழிவறை, சாப்பிடும் இடம், ஸ்டாஃப் ரூம், பஸ்ஸுக்கு நிற்கும் கேட் ஆகிய ஐந்து இடங்கள் போதும். ஆய்வகமும் ஸ்மார்ட் வகுப்பறையும் இன்னொரு நாள்.

கழிவறையைத் தூரத்திலிருந்து கை காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்து, உள்ளே வரைக்கும் காட்ட வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. மதியத்துக்கு மேல் ஒருத்தி பெஞ்சில் நெளிந்துகொண்டே இருந்தால், தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தால், அதுதான் விஷயம். வகுப்பாசிரியர் ஆண் என்றால் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஓர் ஆசிரியையை முந்தின நாளே கேட்டு வைத்துவிடுங்கள். மாதவிடாய், நாப்கின் எங்கே கிடைக்கும் என்பதையும் அவரே அந்த வாரத்துக்குள் பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லட்டும். ஆறாம் வகுப்பு அதற்குச் சீக்கிரம் இல்லை.

6. கேட்கக் கூடாத கேள்விகள்

அறிமுகம் என்ற பெயரில் வழக்கமாகக் கேட்கிற சில கேள்விகள் இருக்கின்றன. "அப்பா என்ன வேலை?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்டால், அப்பா இல்லாத பிள்ளை தன் முறை வருவதற்குள் வியர்த்துப்போவான். "எந்தத் தெரு?" என்ற கேள்வி நம் ஊர்களில் சாதியைக் கேட்பதுதான், கேட்கிறவருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகள் அப்படித்தான் குறித்துக்கொள்வார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் முதல் நாளே உதவித்தொகைப் பட்டியலுக்காக, "எஸ்.சி. எல்லாம் எழுந்திருங்க, எம்.பி.சி. எல்லாம் எழுந்திருங்க" என்று எண்ணுவது வழக்கமாகவே இருந்தது. எண்ணிக்கை இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும், உண்மைதான். மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அந்த இரண்டு நிமிடத்திலேயே முடிவாகிவிடும். அந்த விவரம் எமிஸிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் இருக்கிறது, அங்கே பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாம் வகுப்பில் என்ன ரேங்க், சீருடை ஏன் பழையது என்பதும் வேண்டாம். புதுச் சீருடையும் பாடப்புத்தகமும் நாம் கொடுக்க வேண்டியவை, வந்து சேரத் தாமதமானால் பிள்ளை என்ன செய்யும்?

கையில் பிரம்போடு போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சிலர் "சும்மா பயத்துக்கு" என்று முதல் நாள் எடுத்துப் போகிறார்கள். உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. மேஜைமேல் சும்மா கிடக்கும் பிரம்பும் நாற்பது பேரை மிரட்டத்தான் செய்யும்.

7. ஆவணங்களைப் பெற்றோரிடம் கேளுங்கள்

ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவராததற்கு ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை நிற்கவைப்பதில் பயனில்லை. துண்டுச் சீட்டில் எழுத வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ் (இன்னும் தராதவர்கள்), ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், பிள்ளை பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், புகைப்படம், பயன்பாட்டில் உள்ள ஒரு செல்போன் எண். பத்து நாள் அவகாசம் கொடுங்கள், தேதியையும் அச்சிடுங்கள். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டியது, ஒரே நாளில் கேட்டால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசலிலேயே வாய்மொழியாகவும் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தாள்கள் வரும்போது ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லை என்றால் இந்த ஆண்டே திருத்தச் சொல்லுங்கள். எமிஸில் உள்ளதுதான் பின்னால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியலுக்கும் போகும், அப்போது அலைவது பெரிய பாடு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தார்களா என்றுதான் பார்க்கின்றன. பெற்றோரிடம் இதை ஒரு வரி சொன்னால் தாள்களைத் தேடி எடுத்துவருவார்கள். பிள்ளைகளுக்கான பேச்சில் இதைச் சேர்க்காதீர்கள், கழிவறை எங்கே என்று தெரியாமல் தவிப்பவனிடம் டாக்டர் ஆகலாம் என்று பேசி என்ன ஆகப்போகிறது?

8. கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம்

கடைசிப் பாட ஆசிரியரிடம் சொல்லி வைத்து, நீண்ட பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்னால் வகுப்புக்குப் போங்கள். நடந்து போகிறவர்கள், சைக்கிள், பஸ், வீட்டிலிருந்து யாராவது கூட்டிப்போக வருகிறவர்கள் என்று நான்காகப் பிரியுங்கள். பஸ் பிள்ளைகளிடம் பஸ் எண்ணையும் இறங்கும் இடத்தையும் சொல்லச் சொல்லுங்கள். எண் தெரியாது, "பச்சை பஸ்" என்பார்கள். அதே ஊருக்குப் போகிற ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைத் துணை சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. புது பாஸ் வரும்வரை சீருடையில் உள்ள மாணவர்களை அரசுப் பேருந்தில் இலவசமாக ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வருகிறது. கலர் சட்டையில் வந்த பிள்ளையிடம் நடத்துநர் டிக்கெட் கேட்கலாம், எனவே பத்து இருபது ரூபாய் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் பெயர் அட்டைகளைத் திருப்பி வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனால் மறுநாள் பாதிதான் திரும்பி வரும், மற்ற பாட ஆசிரியர்களுக்கும் ஒரு வாரமாவது அது வேண்டியிருக்கும்.